இரட்டைப் பதிவுகளை இணைக்கும்போது எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், எந்த டிஓஐ?

கேள்வி: ஜோட்டெரோவில் ஒரே கட்டுரை இரண்டு பதிவுகளாக இருக்கிறது. தலைப்பும் ஆசிரியர்களும் ஒன்றுதான். பக்க எண், தொகுதி, டிஓஐ மட்டும் வேறு வேறு. இணைக்கும்போது எதை வைத்துக்கொள்வது? இரண்டில் எது நிரம்பியிருக்கிறதோ அதை ஒவ்வொரு புலத்துக்கும் எடுத்துக்கொண்டால் போதுமா?

பதில்:

போதாது. பெரும்பாலான பிழைகள் அந்த வழியில்தான் வருகின்றன. தொகுதி, இதழ் எண், பக்கம், ஆண்டு, டிஓஐ ஆகிய ஐந்தும் தனித்தனித் தகவல்களாகத் தோன்றினாலும், அவை ஐந்தும் சேர்ந்து கட்டுரையின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைச் சுட்டுகின்றன. தொகுதியை ஒரு பதிவிலிருந்தும் டிஓஐயை இன்னொரு பதிவிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால், எங்குமே வெளிவராத ஒரு பதிப்புக்கான முகவரி உருவாகிவிடும். ஆகவே முதலில் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று முடிவு செய்யவேண்டும். பிறகு ஐந்து புலங்களையும் அந்தப் பதிப்பிலிருந்தே மொத்தமாக எடுக்கவேண்டும். ஒரு புலத்தில் ஐயம் வந்தால், மற்றப் பதிவைப் பார்த்து நிரப்பாமல், கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்து நிரப்பவேண்டும்.

இதை ஒரு கட்டுரையை வைத்தே காட்டுகிறேன். இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலையைக் கண்டறிந்ததாக லைகோ, விர்கோ குழுக்கள் 2016 பிப்ரவரி 11 அன்று ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை பலருடைய நூலகத்தில் இரண்டு பதிவுகளாக இருக்கும். ஒன்று ஆர்க்சிவ் என்ற முன்பதிப்புத் தளத்திலிருந்து சேமித்தது. மற்றொன்று ஆய்விதழின் தளத்திலிருந்து சேமித்தது. அவற்றை அருகருகே வைத்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
பதிவு 1
DOI:    10.48550/arXiv.1602.03837
Volume: (காலி)
Pages:  1-16

பதிவு 2
DOI:    https://doi.org/10.1103/PhysRevLett.116.061102
Volume: 116
Issue:  6
Pages:  61102
```

நிரம்பியிருப்பதை எடுப்பது என்ற விதியைப் பின்பற்றினால், தொகுதி 116 என்பது இரண்டாம் பதிவிலிருந்து வரும். பக்கம் என்று வரும்போது, 61102 என்பதைவிட 1-16 என்பதே பக்க எண் போலத் தெரிவதால் பலரும் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். டிஓஐயும் இரண்டாம் பதிவில் ஒரு முழு இணைய முகவரியாக நீண்டு கிடப்பதால், சுருக்கமாக இருக்கும் முதல் பதிவின் டிஓஐயே சரியான வடிவம் என்று தோன்றிவிடும். இந்த மூன்று முடிவுகளும் சேர்ந்தால் தொகுதி 116, பக்கம் 1-16, ஆர்க்சிவ் டிஓஐ என்று ஒரு மேற்கோள் உருவாகும். அதைப் பிடித்துக்கொண்டு 116ஆம் தொகுதியில் தேடுபவருக்கு 1-16 என்ற இடத்தில் இந்தக் கட்டுரை கிடைக்காது; டிஓஐயைச் சொடுக்குபவர் ஆய்விதழுக்குப் போகாமல் முன்பதிப்புக்குப் போய்ச் சேருவார்.

இங்கே முதலில் பார்க்கவேண்டியது டிஓஐயின் தொடக்கம். சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எண் அதைப் பதிவு செய்தவர் யார் என்பதைச் சொல்லும். `10.48550` என்றால் ஆர்க்சிவ். `10.1103` என்றால் அமெரிக்க இயற்பியல் கழகம். இரண்டு டிஓஐகளின் தொடக்கமும் இப்படி வேறாக இருந்தால், பெரும்பாலும் ஒன்று முன்பதிப்பு, மற்றொன்று ஆய்விதழ்ப் பதிப்பு. இரண்டும் சரியான டிஓஐகளே; ஆனால் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு உரியவை. நீங்கள் படித்ததும் மேற்கோள் காட்டுவதும் ஆய்விதழ்ப் பதிப்பு என்றால் `10.1103` வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழில் இடம்பெறாத ஒரு பகுதியை முன்பதிப்பிலிருந்து எடுத்து மேற்கோள் காட்டியிருந்தால், இணைக்கவே வேண்டாம். இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று ஜோட்டெரோவின் `Related` பகுதியில் குறித்துவிடுங்கள்.

டிஓஐக்கு முன்னால் ஒட்டியிருக்கும் `https://doi.org/` என்பது வேறுபாடு ஆகாது. `http://dx.doi.org/` என்ற பழைய வடிவமும், `doi:` என்ற முன்னொட்டும், நகலெடுக்கும்போது இறுதியில் வந்து ஒட்டிக்கொள்ளும் முற்றுப்புள்ளியும் அப்படித்தான். டிஓஐயில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் வராது. இவற்றை நீக்கிய பிறகும் டிஓஐகள் வேறாக இருந்தால் மட்டுமே அவை உண்மையில் வேறு. ஒப்பிடும் முன் இந்தச் சிறு துப்புரவைச் செய்துவிட்டால், முரண்பாடு என்று நினைத்தவற்றில் கணிசமானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது பக்கம். இதற்குக் கட்டுரையின் பிடிஎஃப்பைத் திறந்து முதல் பக்கத்தின் மேல்தலைப்பையும் அடிக்குறிப்பு வரியையும் படியுங்கள். மேலே `PRL 116, 061102 (2016)` என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கீழே இடது ஓரத்தில் `0031-9007/16/116(6)/061102(16)` என்ற நீண்ட வரியும், அதையடுத்து `061102-1` என்ற எண்ணும் உள்ளன. அந்த நீண்ட வரி நமக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: 0031-9007 என்பது ஆய்விதழின் ஐஎஸ்எஸ்என்; 16 என்பது 2016ஆம் ஆண்டு; 116 தொகுதி; அடைப்புக்குள் இருக்கும் 6 இதழ் எண்; 061102 கட்டுரை எண்; இறுதி அடைப்புக்குள் இருக்கும் 16 என்பது கட்டுரைக்கு மொத்தம் எத்தனை பக்கங்கள் என்ற கணக்கு. முதல் பதிவில் இருந்த 1-16 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. அது பிடிஎஃப்பின் பக்கங்களை எண்ணிப் போட்டதே தவிர, ஆய்விதழில் கட்டுரை இருக்கும் இடம் அன்று. இந்த ஆய்விதழ் தொடர் பக்க எண்ணைக் கைவிட்டு ஆறிலக்கக் கட்டுரை எண்ணுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே பக்கப் புலத்தில் இருக்கவேண்டியது 061102.

இரண்டாம் பதிவில் அது 61102 என்று இருப்பதையும் கவனியுங்கள். பதிவுகளை ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, எக்செலில் திருத்திவிட்டு, வேறு வடிவுக்கு மாற்றி மீண்டும் உள்ளே கொண்டுவந்தால் எண்ணின் முன்னால் இருக்கும் சுழி உதிர்ந்துவிடும். எக்செல் அதை ஓர் எண்ணாகப் பார்க்கிறது. எண்ணுக்கு முன்னால் வரும் சுழிக்கு மதிப்பில்லை என்று நீக்கிவிடுகிறது. என்னுடைய நூலகத்திலேயே இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் கெட்டுப்போய், ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்ய இரண்டு மாலைகள் ஆயின. டிஓஐ கையில் இருந்ததால்தான் அது முடிந்தது: `10.1103/PhysRevLett.116.061102` என்ற டிஓஐக்குள்ளேயே ஆய்விதழின் பெயரும் தொகுதியும் கட்டுரை எண்ணும் வரிசையாக இருக்கின்றன. எல்லா வெளியீட்டாளர்களும் இப்படி வைப்பதில்லை என்பதால் இதை ஒரு விதியாகக் கொள்ளமுடியாது. ஆனால் டிஓஐக்குள் தொகுதியும் பக்கமும் தெரிகிற இடத்தில், அவை புலங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பது மிக விரைவான சோதனை.

பிடிஎஃப் கையில் இல்லாதபோது, வெளியீட்டாளர் கிராஸ்ரெஃப் நிறுவனத்தில் பதிவு செய்துவைத்த தகவலை நேரடியாகப் பார்க்கலாம். உலாவியின் முகவரிப் பட்டையில் இதை ஒட்டினாலே போதும்:

```
https://api.crossref.org/works/10.1103/PhysRevLett.116.061102
```

வரும் பக்கத்தில் `volume`, `issue`, `page`, `article-number` என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கட்டுரை எண் முறையைப் பின்பற்றும் ஆய்விதழ்களுக்கு `page` இல்லாமல் `article-number` மட்டும் இருக்கலாம். அப்போது அந்த எண்ணையே ஜோட்டெரோவின் பக்கப் புலத்தில் இடுங்கள். ஆர்க்சிவ் டிஓஐயை இதே முகவரியில் இட்டால் எதுவும் கிடைக்காது. ஆர்க்சிவ் தன் டிஓஐகளை டேட்டாசைட் என்ற வேறொரு பதிவு நிறுவனம் வழியாகப் பதிவு செய்வதே அதற்குக் காரணம். டிஓஐ பிழையானது என்று நினைத்து அதை அழித்துவிட வேண்டாம். வெளியீட்டாளர் தந்த தகவலிலும் அரிதாகப் பிழை இருக்கும் என்பதால், அச்சான முதல் பக்கமும் கிராஸ்ரெஃப் தகவலும் மாறுபட்டால் நான் முதல் பக்கத்தையே நம்புகிறேன். படிப்பவர் கையில் இருக்கப் போவது அந்தப் பக்கம்தான்.

ஒரே டிஓஐ இருந்தும் தொகுதியும் பக்கமும் வேறாக இருப்பது இன்னொரு வகை. ஏற்கப்பட்ட கட்டுரையை ஆய்விதழ் முதலில் இணையத்தில் மட்டும் வெளியிடும். சில மாதங்கள் கழித்து ஓர் இதழில் சேர்த்துத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொடுக்கும். இந்த இடைவெளியில் சேமித்த பதிவில் தொகுதி காலியாகவும், பக்கம் 1-14 என்பதுபோல ஒன்றிலிருந்து தொடங்கும் தற்காலிக எண்ணாகவும், ஆண்டு சிலவேளை ஓராண்டு முந்தியும் இருக்கும். டிஓஐ இரண்டு நிலைகளிலும் மாறாது என்பதால் அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லமுடியாது. இங்கே பிந்திச் சேமித்த பதிவே சரி. தொகுதி காலியாக இருப்பதும் பக்கம் ஒன்றில் தொடங்குவதும் சேர்ந்து வந்தால், அது இப்படிப்பட்ட பழைய பதிவு என்று கிட்டத்தட்ட உறுதியாகக் கொள்ளலாம்.

தொகுதி எண்ணில் மட்டும் வேறுபாடு இருக்கும்போது, ஒன்று பிழை என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஆலன் டூரிங்கின் கணிக்கத்தக்க எண்கள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகளில் வந்தது. அதற்கு ஒரு பதிவில் தொகுதி 42 என்றும் இன்னொரு பதிவில் s2-42 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான், s2 என்பது இரண்டாம் வரிசை. ஆனால் வெறும் 42 போதுமானதன்று, ஏனென்றால் அதே ஆய்விதழின் மூன்றாம் வரிசையும் 42ஆம் தொகுதியைக் கடந்துவிட்டது. வரிசைக்கென்று ஜோட்டெரோவில் `Series` என்று தனிப் புலம் இருந்தாலும், பல மேற்கோள் பாணிகள் அதை அச்சிடுவதில்லை. அதனால் நான் s2-42 என்பதையே தொகுதிப் புலத்தில் வைத்துக்கொள்கிறேன். டிஓஐயும் `10.1112/plms/s2-42.1.230` என்று அதையே சொல்கிறது. பக்கம் ஒன்றில் 230-65 என்றும் மற்றொன்றில் 230-265 என்றும் இருந்தால், முழு வடிவத்தை வையுங்கள். முழு எண்ணைச் சுருக்கி அச்சிடப் பல பாணிகளுக்குத் தெரியும், சுருக்கத்தைச் சில பாணிகள் அப்படியே விட்டுவிடும். ஆண்டு 1936, 1937 என்று மாறுவதும் இந்தக் கட்டுரையில் வழக்கம்: பகுதிகள் 1936 இறுதியில் வெளிவந்தன, தொகுதி 1937 என்று தேதியிடப்பட்டது. ஐந்து புலங்களையும் ஒரே பதிப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்ற முறைப்படி, தொகுதியின் ஆண்டையே தொகுதி எண்ணோடு சேர்த்து வைப்பேன்.

1938இல் இதே கட்டுரைக்கு டூரிங் ஒரு திருத்தம் வெளியிட்டார். அதன் தலைப்பும் ஏறத்தாழ அதேதான், இறுதியில் திருத்தம் என்ற சொல் மட்டும் கூடுதல். தொகுதி s2-43, பக்கம் 544-546. சில பதிவுகளில் அந்த இறுதிச் சொல் விடுபட்டிருக்கும். அப்போது அது மூலக்கட்டுரையின் தவறான பதிவு போலவே தோன்றும். அதை இணைத்துவிட்டால் திருத்தம் உங்கள் நூலகத்திலிருந்து மறைந்துவிடும்.

இதைவிட எளிதாக ஏமாறக்கூடியது கிளாட் ஷானனின் தகவல்தொடர்புக் கோட்பாட்டுக் கட்டுரை. 1948இல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலின் 27ஆம் தொகுதியில் அது இரண்டு பாகங்களாக வந்தது. ஜூலை மாதத்து மூன்றாம் இதழில் 379-423 பக்கங்கள், அக்டோபர் மாதத்து நான்காம் இதழில் 623-656 பக்கங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, தொகுதி எல்லாம் ஒன்றே. பக்கமும் இதழ் எண்ணும் டிஓஐயும் மட்டும் வேறு. ஜோட்டெரோ இரண்டு பதிவுகளின் டிஓஐகளும் நிரம்பி வேறாக இருந்தால் அவற்றை இரட்டை என்று காட்டாது. ஆனால் ஒன்றில் டிஓஐ விடுபட்டிருந்தால், தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் ஒத்திருப்பதைக் கொண்டு `Duplicate Items` பட்டியலில் சேர்த்துவிடும். அங்கே இணைத்தால் ஒரு பாகத்தின் பக்க எண் அழிந்துபோகும்.

பக்க எண்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். 230, 230-65, 230-265 ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ஆகவே ஒரே கட்டுரை. 379-423, 623-656 ஆகிய இரண்டும் எங்குமே ஒன்றையொன்று தொடவில்லை. இப்படித் தொடாத பக்க எண்கள் கிடைத்தால், ஒன்று தற்காலிக எண்ணாக இருக்கவேண்டும், அல்லது கட்டுரை எண்ணுக்குப் பதில் பக்கக் கணக்காக இருக்கவேண்டும், அல்லது அவை உண்மையிலேயே இரண்டு வெளியீடுகளாக இருக்கவேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்று என்ற எண்ணில் தொடங்கும் என்பதால் அவற்றை எளிதில் விலக்கிவிடலாம். ஷானன் கட்டுரை 2001இல் ஓர் ஏசிஎம் இதழின் 5ஆம் தொகுதியில் 3-55 பக்கங்களில் மறுபதிப்பும் கண்டது. அதுவும் தனி வெளியீடு. 1948 பதிவோடு அதைச் சேர்த்தால் அந்த ஆண்டுக்குரிய மேற்கோளில் 2001இன் பக்க எண் வந்து உட்காரும்.

முடிவு செய்தபின் இணைக்கும் வேலை சிறியது. ஆனால் வரிசை முக்கியம். லைகோ கட்டுரையின் ஆர்க்சிவ் பதிவு சிலருடைய நூலகத்தில் `Preprint` வகையில் இருக்கும், மற்றதின் வகை `Journal Article`. வகை வேறாக இருந்தால் ஜோட்டெரோ இணைக்க அனுமதிக்காது. ஆகவே முதலில் ஆர்க்சிவ் பதிவின் வகையை மாற்றவேண்டும். வகையை மாற்றும்போது முன்பதிப்புக்கே உரிய சில புலங்கள் போய்விடும். அதற்கு முன்பே, வைத்துக்கொள்ளப் போகும் ஆய்விதழ்ப் பதிவின் `Extra` புலத்தில் `arXiv:1602.03837` என்று எழுதிவைத்துவிட்டால் முன்பதிப்பின் அடையாளம் தொலையாது. அதே பதிவில் 61102 என்பதை 061102 என்றும், டிஓஐயை முகவரி இல்லாத வடிவிலும் இணைக்கும் முன்பே திருத்திவிடுங்கள். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலப்பக்கப் பலகத்தில் ஆய்விதழ்ப் பதிவை முதன்மையாகக் கொண்டு இணையுங்கள். வேறுபடும் ஒவ்வொரு புலத்தின் அருகிலும் ஒரு சிறு குறி தோன்றி, மற்றப் பதிவின் மதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் தரும். தொகுதி, இதழ் எண், பக்கம், ஆண்டு, டிஓஐ ஆகிய ஐந்திலும் அதைத் தொடாதீர்கள். ஆய்வுச்சுருக்கம் போன்ற மற்றப் புலங்களில் எது நிறைவாக இருக்கிறதோ அதை எடுப்பதில் தீங்கில்லை. குறிப்புகளும் குறிச்சொற்களும் இணைப்புக் கோப்புகளும் இரண்டிலிருந்தும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

ஒரு பதிவைத் திருத்திவிட்டு மற்றதை வெறுமனே அழித்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அழித்த பதிவை ஏற்கெனவே வேர்ட் கோப்பில் மேற்கோள் காட்டியிருந்தால், அந்த மேற்கோளுக்கு நூலகத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். பின்னர் பதிவைத் திருத்தினாலும் ஆய்வேட்டில் பழைய பக்க எண்ணே நிற்கும். இணைத்தால், பழைய மேற்கோள்கள் புதிய பதிவைத் தேடிக் கண்டுகொள்ளும். ஆனால் இணைத்ததை முழுமையாகத் திரும்பப்பெற வழியில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து மற்றப் பதிவை மீட்டாலும், முதன்மைப் பதிவில் மாறிப்போன புலங்கள் பழைய நிலைக்கு வராது. அதனால் ஐந்தாறு பதிவுகளுக்கு மேல் இணைக்கப் போகிறீர்கள் என்றால், அந்தத் தொகுப்பை முதலில் ஒரு ஆர்ஐஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். இணைத்து முடித்ததும் டிஓஐயை ஒருமுறை சொடுக்கித் திறக்கும் பக்கத்தில் உள்ள தொகுதியும் பக்க எண்ணும் உங்கள் பதிவோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். லைகோ கட்டுரையில் அங்கே 116ம் 061102ம் தெரியவேண்டும்.